பிக், லார்ஜ், ஹியூஜ்: எல்லாமே பெரியதுதானே, எதை எங்கே போடுவது?

ஏரிக்கரை | 4 மார்ச் 2023, இரவு 9:12

எங்கள் ஊர் ஏரிச் சங்கத்தின் ஆண்டறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நிதி கொடுத்த அமைப்பு ஆங்கிலத்தில்தான் கேட்கிறது. தமிழ் அறிக்கையில் 'பெரிய' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பெரிய எண்ணிக்கையில் விவசாயிகள், பெரிய உதவி, பெரிய தவறு, பெரிய நஷ்டம், பெரிய வித்தியாசம். முதலில் எல்லாவற்றுக்கும் பிக் போட்டேன். திருத்திக் கொடுக்கும் அம்மா 'பிக் நம்பர் ஆஃப் ஃபார்மர்ஸ்' என்பதை லார்ஜ் ஆக்கினார். சரி, லார்ஜ்தான் மரியாதையான சொல் போல என்று அறிக்கை முழுக்க லார்ஜ் ஆக்கி அனுப்பினால், 'லார்ஜ் மிஸ்டேக்' திரும்ப பிக் ஆகிவிட்டது, 'லார்ஜ் ஹெல்ப்' கிரேட் ஆகிவிட்டது, 'வெரி ஹியூஜ் லாஸ்' என்பதில் வெரி மட்டும் அடிபட்டது. காரணம் எதுவும் எழுதவில்லை. கேட்டால் "அப்படித்தான் வரும்" என்கிறார்.

அகராதியில் நான்குக்கும் பொருள் 'பெரிய' என்றுதான் இருக்கிறது. இதற்கு ஏதாவது விதி உண்டா, இல்லை அவர் மனம் போன போக்கா?

---

சேலம் குமரன் | 4 மார்ச் 2023, இரவு 9:40

ரொம்ப சிம்பிள் சார். இது ஏணி. பிக் முதல் படி, லார்ஜ் அடுத்த படி, ஹியூஜ் அதற்கும் மேலே, உச்சியில் எனார்மஸ். பேச்சில் பிக், எழுத்தில் லார்ஜ். என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன், பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

---

ஏரிக்கரை | 4 மார்ச் 2023, இரவு 9:51

அப்படியென்றால் எழுத்தில் 'லார்ஜ் மிஸ்டேக்' சரியாக இருக்க வேண்டுமே? அதைத்தானே அடித்தார்?

---

பழைய ப்ரூஃப் | 5 மார்ச் 2023, காலை 6:25

குமரன் தம்பி சொன்னதில் பாதி சரி. லார்ஜ் எழுத்துப் பக்கம் சாய்ந்த சொல், பிக் பேச்சுப் பக்கம் சாய்ந்த சொல், அது உண்மை. ஹியூஜ் மற்ற இரண்டையும் விடப் பெரியது என்பதும் உண்மை. ஆனால் பிக்குக்கு மேல் படி லார்ஜ் என்பது இல்லை. ஒரு பிக் வீட்டையும் ஒரு லார்ஜ் வீட்டையும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று கேட்டால் ஆங்கிலேயனுக்கே பதில் தெரியாது.

அளவில் வேறுபாடு தேடுவதால்தான் அகராதி கைவிடுகிறது. வேறுபாடு பின்னால் வரும் பெயர்ச்சொல்லில் இருக்கிறது. லார்ஜ் எண்ணக்கூடிய, அளக்கக்கூடிய பொருளோடு போகும். நம்பர், அமவுண்ட், குவாண்டிட்டி, ப்ரொபோர்ஷன், ஏரியா, பாப்புலேஷன். எத்தனை, எவ்வளவு என்று கேட்டால் ஒரு எண் பதிலாக வரும் இடங்கள். பிக் அந்தப் பக்கமும் போகும், வீடு, நாய், பெட்டி எல்லாவற்றுக்கும் பிக் தாராளமாக வரும். ஆனால் லார்ஜ் போகாத இன்னொரு தெருவும் பிக்குக்கு உண்டு. மிஸ்டேக், டிசிஷன், டீல், சர்ப்ரைஸ், ஃபேன். தவறு எத்தனை கிலோ என்று யாரும் கேட்பதில்லை. அங்கே பெரிய என்றால் முக்கியமான, கனமான என்று பொருள்.

கிரேட் மூன்றாவது ரகம். ஹெல்ப், கேர், ப்ளஷர், இம்பார்ட்டன்ஸ், டிஃபிகல்ட்டி. பெரும்பாலும் தொட முடியாதவை. 'பிக் ஹெல்ப்' தவறில்லை, நண்பனிடம் சொல்லலாம். நிதி கொடுத்தவருக்கு எழுதும் கடிதத்தில் கிரேட் ஹெல்ப்தான் உட்காரும். உங்கள் எடிட்டரம்மா மனம் போன போக்கில் திருத்தவில்லை.

---

திருநாவு | 5 மார்ச் 2023, காலை 10:02

இவ்வளவு பேசுகிறீர்களே, 'பெரிய தவறு' என்று எழுதுவதே நல்ல தமிழ் இல்லை. 'பெருந்தவறு' என்று எழுதுங்கள். பெரும் எழுத்து நடை, பெரிய பேச்சு நடை. முதலில் தமிழ் அறிக்கையைச் சரி செய்யுங்கள்.

---

ஏரிக்கரை | 5 மார்ச் 2023, காலை 10:30

ஐயா, கேள்வி ஆங்கில அறிக்கையைப் பற்றியது. தமிழ் அறிக்கை அச்சாகி வந்து மூன்றாவது கட்டு பிரித்தாயிற்று.

---

பழைய ப்ரூஃப் | 5 மார்ச் 2023, காலை 11:15

இல்லை இல்லை, திருநாவு ஐயா திசை மாறி வந்தாலும் நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறார். தமிழில் நாம் இதே வேலையை யோசிக்காமல் செய்கிறோம். தலைவர் இறந்தால் போஸ்டரில் 'பேரிழப்பு'. கடையில் சரக்கு நனைந்தால் 'பெரிய நஷ்டம்'. 'பெரிய அக்கா' உண்டு, 'பேரக்கா' கிடையாது. 'பெருந்தொகை' சொல்வோம், ஆனால் வீட்டில் பையன் கேட்டால் 'அது பெரிய தொகைடா'. பெரும் எழுத்து நடை, பெரிய பேச்சு நடை என்ற விதியை வைத்துக்கொண்டு ஒரு வெளிநாட்டுக்காரர் தன் தமிழ்க் கட்டுரையில் 'எனக்கு ஒரு பேரண்ணன் இருக்கிறான்' என்று எழுதினால் நாம் என்ன செய்வோம்? அடிப்போம். காரணம் கேட்டால் "அப்படித்தான் வரும்" என்போம்.

---

திருநாவு | 5 மார்ச் 2023, பகல் 12:08

பேரண்ணன். நன்றாகத்தான் இருக்கிறது கேட்க.

---

நளினி லண்டன் | 5 மார்ச் 2023, மாலை 4:47

நான் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். வந்த புதிதில் ஒரு நோயாளியின் அண்ணன் பார்க்க வந்திருந்தார், நான் சக நர்ஸிடம் 'ஹிஸ் லார்ஜ் பிரதர் இஸ் ஹியர்' என்றேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளவு குண்டாகத் தெரியவில்லையே" என்றாள். பிக் பிரதர் என்றால் மூத்தவன். லார்ஜ் பிரதர் என்றால் உடம்பு. 'எ லார்ஜ் மேன்' என்று யாராவது சொன்னால், தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வோம். குழந்தைகள் வார்டில் ஊசி போட்டுவிட்டு 'பிக் பாய்' என்று தட்டிக் கொடுப்பார்கள், லார்ஜ் பாய் என்று சொன்னால் அம்மா முறைப்பாள்.

இன்னொன்று. பெருங்குடல் இங்கே எப்போதும் லார்ஜ் இன்டஸ்டைன்தான், லார்ஜ் பவல் என்றும் சொல்வோம். பிக் இன்டஸ்டைன் என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. 'பிக் ஹார்ட்' என்றால் நல்ல மனசு. எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தால் 'என்லார்ஜ்டு ஹார்ட்'. இரண்டையும் மாற்றிச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார், அல்லது சந்தோஷப்படுவார்.

---

பழைய ப்ரூஃப் | 5 மார்ச் 2023, இரவு 8:20

நளினி அம்மா சொன்ன அண்ணன் கதையைக் குமரன் தம்பி தன் வகுப்பில் சொல்லலாம். அளக்கிற சொல்லை மனிதன் முன்னால் போட்டால் மனிதனை அளக்கிறது.

---

சேலம் குமரன் | 5 மார்ச் 2023, இரவு 9:05

எல்லாம் சரி, 'வெரி ஹியூஜ்' ஏன் தவறு? கூகுளில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார்த்தேன், லட்சக்கணக்கில் வருகிறது. லட்சம் பேர் எழுதுவது எப்படித் தவறாகும்?

---

பழைய ப்ரூஃப் | 6 மார்ச் 2023, காலை 6:10

கூகுள் தேடலில் காட்டும் அந்த எண்ணிக்கை ஒரு உத்தேசம்தான். கடைசிப் பக்கம் வரை தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள், பல நேரம் சில நூறில் நின்றுவிடும். அதுவும் யார் எழுதியது, எந்த நாட்டில், விளம்பரமா கட்டுரையா, எதுவும் தெரியாது. ஒரு சொற்றொடர் இருக்கிறதா என்று பார்க்கலாம், எது அதிகம் என்று ஒப்பிட அதை நம்ப வேண்டாம்.

வெரி பற்றி. ஆங்கிலத்தில் பெரியது, சின்னது, சூடானது போன்ற சொற்கள் ஒரு அளவுகோலில் மேலும் கீழும் நகரும், அவற்றுக்கு வெரி போடலாம். ஹியூஜ், டைனி, ஃப்ரீஸிங் போன்றவற்றில் அந்த 'ரொம்ப' ஏற்கெனவே உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. மேலும் அழுத்த வேண்டுமானால் அப்சல்யூட்லி வரும். சோதிக்க எளிய வழி, 'அப்சல்யூட்லி பிக்' என்று சொல்லிப் பாருங்கள், இடறும். 'அப்சல்யூட்லி ஹியூஜ்' வழுக்கிக்கொண்டு போகும். வெரி போட்டால் தலைகீழ். உங்கள் எடிட்டர் வெரியை அடித்துவிட்டு ஹியூஜை விட்டு வைத்தது இதனால்தான்.

---

நளினி லண்டன் | 6 மார்ச் 2023, மதியம் 1:30

ரியலி இரண்டுக்கும் போகும். ரியலி பிக், ரியலி ஹியூஜ் இரண்டும் இங்கே காதில் விழுகிறது. குழப்பமாக இருந்தால் நான் ரியலி போட்டுத் தப்பித்துவிடுவேன். வெரி ஹியூஜும் எப்போதாவது கேட்டிருக்கிறேன், வெள்ளைக்காரர் வாயிலேயே.

---

சேலம் குமரன் | 6 மார்ச் 2023, மதியம் 1:44

பார்த்தீர்களா!

---

பழைய ப்ரூஃப் | 6 மார்ச் 2023, மாலை 5:00

வாயில் வருவதும் நிதி கொடுத்தவர் மேஜைக்குப் போகும் அறிக்கையில் வருவதும் ஒன்றில்லை தம்பி. நான் தடை போடவில்லை. அடித்தவர் ஏன் அடித்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

---

ஏரிக்கரை | 6 மார்ச் 2023, இரவு 10:18

விதி புரிகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் இங்கே வந்து கேட்க முடியாதே. எண்ணக்கூடியதா, தொடக்கூடியதா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அறிக்கை அடுத்த வருடம்தான் முடியும். நீங்களே சோதித்துப் பார்க்க என்ன செய்வீர்கள்?

---

பழைய ப்ரூஃப் | 7 மார்ச் 2023, காலை 7:35

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் இடம், கூகுள் என்கிராம். books.google.com/ngrams என்று போனால் வரும், கட்டணம் இல்லை. ஸ்கேன் செய்த புத்தகங்களில் ஒரு சொற்றொடர் எந்தெந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்று கோடு போட்டுக் காட்டும். பெட்டியில் இப்படி, காற்புள்ளி போட்டு ஒரே வரியில் தட்டுங்கள்:

```
big mistake,large mistake,huge mistake,great mistake
```

லார்ஜ் மிஸ்டேக் தரையோடு தரையாகக் கிடக்கும். அதுதான் உங்கள் எடிட்டருக்கு உறுத்தியது. கிரேட் மிஸ்டேக்கைப் பாருங்கள், 19ஆம் நூற்றாண்டு முழுக்க அதுதான் மேலே இருக்கும். பிக் மிஸ்டேக் பிறகு ஏறி வந்தது, ஹியூஜ் மிஸ்டேக் இன்னும் சமீபம். பழைய ஆங்கில நாவல் படித்துப் பழகிய நம் தாத்தாக்கள் 'கிரேட் மிஸ்டேக்' என்று எழுதினதில் தப்பே இல்லை, அவர்கள் படித்த காலத்து ஆங்கிலம் அது. நீங்கள் பார்க்க வேண்டியது கோட்டின் வலது ஓரத்தை மட்டும்.

இதிலே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. ஒவ்வொரு சொற்றொடரையும் தனித்தனியாகத் தேடக் கூடாது. என்கிராம் தன் பக்கவாட்டு அளவை ஒவ்வொரு தடவையும் மாற்றிக்கொள்ளும். லார்ஜ் மிஸ்டேக்கை மட்டும் தனியாகப் போட்டால் மலை மாதிரி ஒரு கோடு வரும், ஆகா நிறைய இருக்கிறதே என்று தோன்றும். பக்கவாட்டில் உள்ள சதவீதத்தைப் பார்த்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு சுழியாக இருக்கும். ஒரே வரியில் நான்கையும் போட்டால்தான் ஒப்பீடு.

இரண்டாவது, நீங்கள் நினைக்கும் நான்கு சொல்லுக்குள்ளேயே தேடாதீர்கள். பெயர்ச்சொல்லிடம் கேளுங்கள், உனக்கு முன்னால் யார் யார் வருவார்கள் என்று. இப்படி:

```
*_ADJ mistake
```

அதிகம் வரும் பத்துப் பெயரடைகளை அதுவே எடுத்துக் காட்டும். சில நேரம் நாம் தேடி வந்த சொல்லை விட நல்ல சொல் அங்கே இருக்கும். அறிக்கையில் மதகைத் தவறான இடத்தில் வைத்ததைச் சொல்லியிருந்தால், பிக் மிஸ்டேக்கை விட சீரியஸ் மிஸ்டேக் அமைதியாக வேலையை முடிக்கும்.

மூன்றாவது, கோடு எங்கே மேலே என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வரிகளைப் படிக்க வேண்டும். அதற்கு என்கிராம் போதாது, english-corpora.org என்ற தளத்துக்குப் போங்கள். அதிலே கோக்கா என்று ஒரு பெரிய அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பு இருக்கிறது, 1990 முதல் 2019 வரை, ஏறக்குறைய நூறு கோடிச் சொற்கள். பதிவு செய்துகொள்ள வேண்டும், இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்று வரம்பு உண்டு. பேச்சு, கதை, பத்திரிகை, ஆய்வுக் கட்டுரை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவதுதான் அதன் பலம். Chart என்பதை அழுத்தினால் எந்த வகை எழுத்தில் ஒரு சொற்றொடர் குவிகிறது என்று தெரிந்துவிடும். Compare என்பதில் பிக்கையும் லார்ஜையும் எதிரெதிரே நிறுத்தினால் எந்தப் பெயர்ச்சொல் யார் பக்கம் என்று இரண்டு பட்டியலாக வரும்.

---

ஏரிக்கரை | 7 மார்ச் 2023, இரவு 9:55

என்கிராமில் உட்கார்ந்தவன் இப்போதுதான் எழுந்தேன், மனைவி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

large number, big number இரண்டையும் ஒன்றாகப் போட்டேன். லார்ஜ் எங்கேயோ இருக்கிறது, பிக் கீழே. ஆனால் பிக் நம்பர் சுத்தமாக இல்லாமல் இல்லை. அது யார் எழுதியது?

---

பழைய ப்ரூஃப் | 8 மார்ச் 2023, காலை 6:40

இதற்குத்தான் வரியைப் படிக்கச் சொன்னேன். 'எ லார்ஜ் நம்பர் ஆஃப் ஃபார்மர்ஸ்' என்றால் நிறைய விவசாயிகள். இங்கே நம்பர் என்பது வெறும் அளவுச் சொல். 'பிக் நம்பர்' வரும் இடத்தில் பெரும்பாலும் அந்த எண்ணே பெரியது. ஒரு குழந்தை 'மில்லியன் இஸ் எ பிக் நம்பர்' என்னும். இசை நிகழ்ச்சியில் ஒரு பெரிய பாட்டையும் பிக் நம்பர் என்பார்கள். ஆகவே பின்னால் of சேர்த்துத் தேடுங்கள்:

```
large number of,big number of,great number of,huge number of
```

இப்போது பிக் இன்னும் கீழே போய்விடும். கிரேட் நம்பர் ஆஃப் பழைய புத்தகங்களில் நிறைய வரும், இன்றைக்கும் தவறில்லை, கொஞ்சம் பழைய வாடை.

---

மாதிரி எண் | 8 மார்ச் 2023, பகல் 11:20

இடையில் நுழைகிறேன், நான் புள்ளியியல் படித்தவன். பழைய ப்ரூஃப் ஐயா பெயர்ச்சொல்லிடம் கேட்கச் சொன்னார். டிஃபரன்ஸ் என்ற பெயர்ச்சொல்லிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். அன்றாடப் பேச்சில் 'பிக் டிஃபரன்ஸ்'. ஆய்வுக் கட்டுரையில் இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும்போது 'லார்ஜ் டிஃபரன்ஸ்' சர்வ சாதாரணம். எங்கள் துறையில் விளைவின் அளவுக்கு கோஹன் என்பவர் வைத்த பெயர்களே ஸ்மால், மீடியம், லார்ஜ்தான். 0.2, 0.5, 0.8 என்று எண்ணே உண்டு. நாங்கள் 'லார்ஜ் எஃபெக்ட்' என்று எழுதினால் அந்த 0.8 நினைவில் இருக்கும். 'பிக் எஃபெக்ட்' என்று எழுதினால் வெறும் பேச்சு. ஆகவே ஏரிக்கரை அண்ணனின் 'பெரிய வித்தியாசம்' எந்த வித்தியாசம் என்று தெரியாமல் சொல்ல முடியாது.

---

ஏரிக்கரை | 8 மார்ச் 2023, பகல் 12:50

தூர் வாருவதற்கு முன் கிணறுகளில் நீர்மட்டமும், வாரிய பின் நீர்மட்டமும். மீட்டரில் அளந்து அட்டவணை போட்டிருக்கிறோம்.

இன்னொரு இடத்திலும் அதே சொல் வருகிறது. 'பள்ளிப் பிள்ளைகள் வந்து கரையில் பனை விதை நட்டது ஊருக்குள் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது.'

---

மாதிரி எண் | 8 மார்ச் 2023, பகல் 1:05

முதலாவது லார்ஜ், இரண்டாவது பிக். 'மேட் எ பிக் டிஃபரன்ஸ்' என்பது ஒரு கட்டுச் சொல் மாதிரி, மேக் வந்தால் பிக் வரும். பனை விதையின் வித்தியாசத்துக்கு அட்டவணை இல்லையே.

---

சேலம் குமரன் | 8 மார்ச் 2023, பகல் 1:20

அப்படியானால் ஒரே அறிக்கையில் ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு சொல். படிப்பவர் இவருக்கு ஆங்கிலம் நிலையாக இல்லை என்று நினைக்க மாட்டாரா? பரீட்சையில் நாங்கள் சீராக எழுதச் சொல்கிறோம்.

---

பழைய ப்ரூஃப் | 8 மார்ச் 2023, மாலை 6:15

மாட்டார். இயற்பியல்காரர்களையே பாருங்கள். பிரபஞ்சம் தொடங்கியதற்கு பிக் பேங் என்று பெயர், ஃப்ரெட் ஹாயில் 1949இல் பிபிசி வானொலியில் பேசும்போது சொன்னது. அந்தத் தொடக்கத்துக்குப் பக்கத்தில் நடந்ததை ஆராயும் இயந்திரத்துக்கு லார்ஜ் ஹாட்ரான் கொலைடர். இரண்டும் ஒரே கட்டுரையில் வரும், யாரும் சீராக இல்லை என்று சொன்னதில்லை. பேச்சுச் சத்தத்தோடு ஒன்று, கிலோமீட்டர் கணக்கோடு மற்றொன்று.

பரீட்சையில் பெயர்ச்சொல் மாறும்போது பெயரடையும் மாறலாம் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள் தம்பி, அது போதும்.

---

சேலம் குமரன் | 8 மார்ச் 2023, இரவு 7:02

பிள்ளைகள் தேர்வுக்குப் போகிறார்கள் ஐயா, ஹாட்ரான் கொலைடருக்குப் போகவில்லை. பத்தாம் வகுப்புப் பையனிடம் என்கிராம் பார்க்கச் சொல்ல முடியாது. ஏணி எனக்கு வேலை செய்கிறது. பிக்கை விட லார்ஜ் ஒரு படி மேல் என்பதை மட்டும் எடுத்துவிடுகிறேன், இரண்டையும் ஒரே படியில் பக்கத்தில் வைக்கிறேன்.

---

நளினி லண்டன் | 9 மார்ச் 2023, காலை 3:12

இரவுப் பணி. ஏரிக்கரை அண்ணா, நஷ்டத்துக்கு என்ன போட்டீர்கள்?

---

ஏரிக்கரை | 9 மார்ச் 2023, காலை 8:30

ஹியூஜ் லாஸ் என்று எடிட்டர் விட்டு வைத்தார். எனக்கு அது போதவில்லை. கரை உடைந்து நடவு முழுக்கப் போன வருடம் அது. ஹெவி லாஸ் என்றும் பார்க்கிறேன், *_ADJ loss போட்டேன், கிரேட் லாஸ், டோட்டல் லாஸ், ஹெவி லாஸ் எல்லாம் வருகிறது.

கூடவே 'லார்ஜ்லி' என்று ஒரு இடத்தில் போட்டிருந்தேன். 'மாவட்ட அதிகாரிகள் பெரிதும் உதவினார்கள்' என்பதற்கு 'லார்ஜ்லி ஹெல்ப்டு'. அதை எடிட்டர் அடித்து கிரேட்லி ஆக்கினார். லார்ஜோடு லி சேர்ந்தால் பெரிதும் ஆகாதா?

---

பழைய ப்ரூஃப் | 9 மார்ச் 2023, காலை 9:10

ஆகாது, நல்ல வேளை அடித்தார். லார்ஜ்லி என்றால் பெரும்பாலும், முக்கியமாக. 'லார்ஜ்லி சக்சஸ்ஃபுல்' என்றால் முழுக்க இல்லை, பெரும்பகுதி வெற்றி என்று பொருள். உதவியைச் சொல்ல கிரேட்லி. பிக்குக்கு 'பிக்லி' என்று ஒன்று இருக்கிறது, யாரும் அறிக்கையில் எழுத மாட்டார்கள். லி சேர்த்தால் வேறு ஆளாகிவிடுகிற சொற்கள் இவை, தனியாகத் தேட வேண்டும்.

நஷ்டத்துக்கு. கிரேட் லாஸ் போடாதீர்கள், அது நம் 'பேரிழப்பு' மாதிரி, இறந்தவரைப் பற்றிப் பேசும்போது அதிகம் வரும். வரிகளைத் திறந்து படித்தால் தெரியும். ஹெவி லாஸ், பன்மையில் ஹெவி லாசஸ், பணம் அல்லது பயிர் அல்லது படை போன இடத்தில் வரும். ஹியூஜ் லாஸ் இரண்டுக்கும் போகும், ஆனால் பத்திரிகைத் தலைப்பின் சத்தம் இருக்கும். எத்தனை ஏக்கர் போனது என்று உங்களிடம் கணக்கு இருக்கிறதா?

---

ஏரிக்கரை | 9 மார்ச் 2023, காலை 9:22

இருக்கிறது. வருவாய்த் துறைக்குக் கொடுத்த பட்டியலே இருக்கிறது.

---

பழைய ப்ரூஃப் | 9 மார்ச் 2023, காலை 9:30

அப்படியானால் ஏக்கரைப் போடுங்கள். பெயரடையே வேண்டாம். நிதி கொடுத்தவருக்கு ஹியூஜும் ஹெவியும் ஒன்றுதான், ஏக்கர் வேறு.

---

திருநாவு | 9 மார்ச் 2023, பகல் 11:00

தமிழ் அறிக்கையிலும் அதையே செய்திருக்கலாம்.

---

மாதிரி எண் | 9 மார்ச் 2023, பகல் 11:41

ஒரு எச்சரிக்கை. என்கிராமில் ஒரு சொற்றொடர் வரவே இல்லை என்றால் அது ஆங்கிலத்திலேயே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குறைந்தது 40 புத்தகங்களிலாவது வந்திருந்தால்தான் அதைக் கணக்கில் சேர்ப்பார்கள். அதோடு எல்லாம் புத்தகம். பேச்சில் மட்டும் புழங்குவது, நம் ஊர் ஆங்கிலத்தில் மட்டும் புழங்குவது, இவையெல்லாம் அதில் தெரியாது. குமரன் சாரின் வெரி ஹியூஜுக்கு அங்கே நியாயம் கிடைக்காது.

---

சேலம் குமரன் | 9 மார்ச் 2023, பகல் 11:50

நன்றி தம்பி. இந்த இழையில் எனக்குக் கிடைத்த முதல் வாக்கு.

நம் ஊர் ஆங்கிலத்தில் எழுதி, நம் ஊர் ஆட்களே படிக்கும் இடத்தில் லண்டன் காதுக்கு ஏன் பயப்பட வேண்டும் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

---

பழைய ப்ரூஃப் | 9 மார்ச் 2023, மாலை 5:45

பயப்பட வேண்டாம். நம் ஊர் பத்திரிகைகளுக்கு எழுதினால் நம் ஊர் பத்திரிகைகளைத்தான் பார்க்க வேண்டும், கோக்காவை அல்ல. அதே தளத்தில் GloWbE, அதாவது குளோப், என்று இன்னொரு தொகுப்பு இருக்கிறது, இருபது நாட்டு இணைய ஆங்கிலம், இந்தியாவும் இலங்கையும் தனித்தனிக் கட்டத்தில் வரும். very huge என்று அதில் போட்டு, எந்தக் கட்டம் அடர்த்தியான நிறத்தில் வருகிறது என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நான் முன்கூட்டியே எதுவும் சொல்லவில்லை.

---

சேலம் குமரன் | 9 மார்ச் 2023, இரவு 8:33

பதிவு செய்யக் கேட்கிறது. பாஸ்வேர்டு மெயில் இன்னும் வரவில்லை.

---

நளினி லண்டன் | 10 மார்ச் 2023, காலை 5:05

ஸ்பாம் பெட்டியில் பாருங்கள் குமரன் அண்ணா. அப்புறம், லிட்டிலும் ஸ்மாலும் பற்றி யாராவது தனி இழை தொடங்குங்கள். நான் ஒரு கிழவியை 'ஸ்மால் ஓல்டு லேடி' என்று எழுதி, இது எடைக் குறிப்பா என்று டாக்டர் கேட்டார்.